சீக்கிரம் இறுகுவது வேறு, சீக்கிரம் வலுவேறுவது வேறு: சிறப்பு சிமென்ட்களைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வேலையில், சன்ஷேட் ஒன்றுக்குச் சீக்கிரம் பலகை பிரிக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி கடைக்குப் போய், "சீக்கிரம் செட் ஆகுற சிமென்ட் கொடுங்க" என்று கேட்டு ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டியில் ஒழுகும் ஓட்டையை அடைக்கிற பவுடர் அது. அதைக் கான்கிரீட்டில் கலந்ததும் பத்து நிமிடத்தில் சட்டியிலேயே கட்டியாகிவிட்டது. உடனே தண்ணீர் விட்டு இளக்கிப் போட்டார்கள். பலகை பிரித்தபோது அடிப்பக்கம் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை. உளியால் தட்டினால் உதிர்ந்தது. மொத்தமாக உடைத்துத் திரும்பப் போட்டோம்.

மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டது கிடைத்தது. அவருக்குத் தேவைப்பட்டது வேறு. சிறப்பு சிமென்ட் விஷயத்தில் நடக்கிற தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதனால் வழிகாட்டியையும் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: உங்களுக்கு எது அவசரம் என்று கண்டுபிடியுங்கள்

சிமென்ட் தண்ணீரைச் சந்தித்த பிறகு இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் குழம்பு இளக்கம் போய் கெட்டியாகிறது. இதுதான் செட் ஆவது, அதாவது இறுகுவது. அப்புறம் நாள் கணக்கில், மாதக் கணக்கில் வலு ஏறுகிறது. இறுகிய கான்கிரீட்டில் விரல் பதியாது. ஆனால் அது எடை தாங்கும் என்று அர்த்தமில்லை.

ரேப்பிட் ஹார்டனிங் சிமென்ட் வலுவைச் சீக்கிரம் ஏற்றும். இறுகும் நேரம் சாதாரண சிமென்ட் போலத்தான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 8041 படி, தொடக்க இறுகல் 30 நிமிடத்துக்கு முன் வரக்கூடாது, முழு இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சாதாரண சிமென்டுக்கும் இதே எண்கள்தான். ஆக, கலந்து, கொட்டி, வைப்ரேட்டர் போட்டு, மட்டம் பார்க்க நேரம் இருக்கும். குவிக் செட்டிங் சிமென்ட் அப்படியல்ல. அது 5 நிமிடத்திலேயே இறுகத் தொடங்கி 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓடும் தண்ணீரை நிறுத்த, தண்ணீருக்கடியில் அடைப்புப் போட அது சரி. பலகை பிரிக்கிற அவசரத்துக்கு அது எந்த வகையிலும் உதவாது.

எனவே கடைக்குப் போகுமுன் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாளைக்கே இதன் மேல் எடை வரப்போகிறதா? தண்ணீர் ஒழுகுவதை நிறுத்த வேண்டுமா? வெள்ளை நிறம் வேண்டுமா? மண்ணோ நிலத்தடி நீரோ கான்கிரீட்டை அரிக்கிறதா? அடுப்பு போன்ற கடும் வெப்பமா? ஒவ்வொன்றுக்கும் மூட்டை வேறு.

இரண்டாம் படி: மூட்டைக்குள் என்ன மாறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண சிமென்டில் முக்கியமாக நான்கு சேர்மங்கள். டிரைகால்சியம் சிலிகேட் முதல் நாட்களின் வலுவைத் தருகிறது. டைகால்சியம் சிலிகேட் மெதுவாக, பல வாரம் கழித்து வலு தருகிறது. டிரைகால்சியம் அலுமினேட், அதாவது C3A, மிக வேகமாக வினைபுரிந்து நிறைய வெப்பம் விடுகிறது. சல்பேட் உப்பு தாக்குவதும் இதைத்தான். நான்காவது இரும்பு கலந்தது. சிமென்டின் சாம்பல் நிறத்துக்கு அதுதான் பெரிய காரணம்.

சிறப்பு சிமென்ட் என்று விற்பதில் பெரும்பகுதி இந்த நான்கின் அளவை ஏற்றி இறக்கி, அரைக்கும் நுணுக்கத்தை மாற்றிச் செய்ததே. அதனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். வேகம் கூடினால் வெப்பம் கூடும். சல்பேட்டை எதிர்க்க C3A-வைக் குறைத்தால், கடல் உப்பிலிருந்து கம்பியைக் காப்பது பலவீனமாகும். எல்லாவற்றிலும் உயர்ந்த சிமென்ட் என்று எதுவும் கிடையாது.

மூன்றாம் படி: வேகமாக வலு வேண்டுமென்றால்

ரேப்பிட் ஹார்டனிங் சிமென்டை மிக நைசாக அரைக்கிறார்கள். ஒரு கிலோ தூளின் மொத்தப் பரப்பு குறைந்தது 325 சதுர மீட்டர் இருக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்கு 225 போதும். பரப்பு கூடினால் தண்ணீர் படும் இடம் கூடும், வினை வேகமாகும். இதற்கு 1 நாளில் 16 மெகாபாஸ்கல், 3 நாளில் 27 மெகாபாஸ்கல் வலு வர வேண்டும் என்பது விதி. ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடை.

இப்போது 53 கிரேடு சிமென்டின் விதியைப் பாருங்கள். அதுவும் 3 நாளில் 27 மெகாபாஸ்கல்தான். வித்தியாசம், 53 கிரேடுக்கு 1 நாள் வலு என்று ஒரு கட்டாயம் இல்லை என்பதில் இருக்கிறது. அதனால்தான் நம் ஊர்ச் சில்லறைக் கடையில் ரேப்பிட் ஹார்டனிங் கேட்டால் பெரும்பாலும் 53 கிரேடு மூட்டையைக் காட்டுவார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. 2, 3 நாள் அவசரத்துக்கு 53 கிரேடு, குறைந்த தண்ணீர், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் நல்ல அட்மிக்சர் மூன்றும் சேர்ந்தால் போதும். மறுநாளே அச்சைப் பிரித்துப் பொருளைத் தூக்க வேண்டிய ப்ரீகாஸ்ட் யார்டுகளுக்குத்தான் உண்மையான ரேப்பிட் ஹார்டனிங் மூட்டை தேவை. ரயில்வே கான்கிரீட் ஸ்லீப்பருக்கு 53-எஸ் என்று தனியாக ஒரு வகையே உண்டு. நுணுக்கம் 370 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று அதற்கு விதி.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டறையின் வாசல் தளம் உடைந்துவிட்டது. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். சனிக்கிழமை மாலை போட்டு, திங்கட்கிழமை மாலை சிறிய லோடு ஆட்டோ ஏற வேண்டும். அதாவது 48 மணி நேரம்.

கன அளவு 4 × 3 × 0.15 = 1.8 கன மீட்டர். கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட், அதாவது 8 மூட்டை. மொத்தம் 14.4 மூட்டை, சேதாரத்தோடு 16 வாங்குங்கள். ஒரு மூட்டைக்கு மணல் 85 கிலோ, 20 மி.மீ.யும் 12 மி.மீ.யும் கலந்த ஜல்லி 144 கிலோ. தண்ணீரும் சிமென்டும் 0.40 விகிதம், மூட்டைக்கு 20 லிட்டர். அட்மிக்சராகச் சூப்பர் பிளாஸ்டிசைசர், சிமென்டின் எடையில் 0.8 சதவீதம் என்று வைத்தால் மூட்டைக்கு 400 கிராம். டப்பாவில் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் வரம்பைப் பார்த்து இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மணல் ஈரமாக இருக்கும். 4 சதவீத ஈரம் என்றால் 85 கிலோவில் 3.4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எனவே ஊற்ற வேண்டியது 16.6 லிட்டர்தான். வாளியில் அளக்காமல் ஹோஸைப் பிடித்து ஊற்றினால், விலை கொடுத்து வாங்கிய வேகம் முழுவதும் அந்த ஹோஸிலேயே போய்விடும். கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் சொன்னால் அட்மிக்சரைக் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள்.

பழைய தளமும் சுவரும் புதுத் தளத்தைத் தொடும் இடத்தில் 10 மி.மீ. தெர்மாகோல் பட்டை நிறுத்துங்கள். மாலை வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். நைசான சிமென்டில் தண்ணீர் மேலே கசிந்து வருவது குறைவு. காற்றும் வெயிலும் இருந்தால் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து, போட்ட சில மணி நேரத்திலேயே ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாகச் சிறு வெடிப்புகள் வரும். கான்கிரீட் இன்னும் இளக்கமாக இருந்தால் கரணையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். இறுகிய பிறகு முடியாது. அதனால் மட்டம் பார்த்த உடனே பிளாஸ்டிக் தாளை மேலே இழுத்துவிடுங்கள். இறுகியதும் ஈரச் சாக்குப் போட்டு மேலே மீண்டும் தாள். வண்டி ஏறும் நேரத்தில் மட்டும் விலக்கிக்கொண்டு, 7 நாளும் ஈரம் காயாமல் பாருங்கள். வேகமான சிமென்டுக்குக் கியூரிங் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. வலுவின் பெரும்பங்கு முதல் இரண்டு நாளில் ஏறுவதால், அந்த நேரத்தில் காய்ந்தால் இழப்பும் பெரிது.

வண்டி ஏற்றலாமா என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. போடும்போதே 150 மி.மீ. கியூப் ஆறு வார்த்து, தளத்தின் பக்கத்திலேயே அதே ஈரச் சாக்கின் கீழ் வையுங்கள். மூன்றை 44 மணி நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பாருங்கள். இந்த மாதிரி வேலைக்கு நான் வைத்துக்கொள்ளும் எல்லை 20 மெகாபாஸ்கல். அந்த கியூப் 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மீதி மூன்றை மறுநாள் உடையுங்கள், வண்டி அதுவரை வெளியே நிற்கட்டும்.

எங்கே போடக்கூடாது? கனமான அஸ்திவாரம், பெரிய மெஷின் பீடம் போன்றவற்றில். உள்ளே வெப்பம் அடைபட்டு, வெளிப்புறம் குளிரும்போது பிளந்துவிடும். அப்புறம் சுவர்ப் பூச்சில். 53 கிரேடு வலு அதிகம், அதனால் பூச்சும் உறுதியாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள்; கிடைப்பது மயிரிழை வெடிப்புதான். பூச்சுக்கும் செங்கல் கட்டுக்கும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் போதும், அதுவே நல்லதும்கூட.

நான்காம் படி: வெள்ளை சிமென்ட்

வெள்ளை சிமென்டைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது முழுமையான சிமென்ட். இரும்பும் மாங்கனீசும் மிகக் குறைவான சுண்ணாம்புக் கல்லையும் வெள்ளைக் களிமண்ணையும் தேடி எடுத்துச் செய்கிறார்கள். இரும்பு இருந்தால் உருகுவது எளிது. அது இல்லாததால் சூளையை இன்னும் அதிக வெப்பத்துக்கு ஏற்ற வேண்டும். அரைக்கும்போதும் இரும்புத் தூள் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். விலை கூடுவது இதனால்தான். இந்தியாவில் இது பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. கோட்டயத்தில் உள்ள கேரள அரசின் ஆலை வேம்பநாட்டு ஏரியின் கிளிஞ்சலைக் கொண்டு செய்ததும் உண்டு.

விலை அதிகம் என்பதால், கண்ணுக்குத் தெரியும் அடுக்குக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதுதான் சரியான முறை. இதை மிக அழகாகச் செய்பவர்கள் செட்டிநாட்டில் ஆத்தங்குடி கல் போடுபவர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சு. அச்சின் அறைகளில் வெள்ளை சிமென்டும் வண்ண ஆக்சைடும் கலந்த குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். அதன்மேல் காய்ந்த சிமென்ட்-மணல் தூவல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் சாம்பல் சிமென்ட் கலவை. இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்புக் கல்லின் முகத்தில் அப்படியே இறங்கிவிடுகிறது. சில மில்லிமீட்டர் வெள்ளை. மீதி எல்லாம் சாம்பல். பழைய மொசைக் தரையிலும் இதே கணக்குதான். கீழே சாம்பல் கான்கிரீட், மேல் அடுக்கில் எடைக்கு மூன்று பங்கு சிமென்ட், ஒரு பங்கு மார்பிள் தூள், அதோடு மார்பிள் சில்லு.

வண்ணம் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இரும்பு ஆக்சைடு சிமென்டின் எடையில் 5 சதவீதம் போதும். 10-ஐத் தாண்டினால் நிறம் கூடாது, வலுதான் குறையும். ஒரு தரைக்குத் தேவையான தூள் முழுவதையும் காய்ந்த நிலையிலேயே ஒரே தடவையில் கலந்து வையுங்கள். தனித்தனியாகக் கலந்தால் அறைக்கு அறை நிறம் மாறும்.

சுவருக்கு வெள்ளை சிமென்ட் அடிப்பதுதான் வீடுகளில் அதிகம் நடப்பது, அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். சில மாதத்தில் சுவரில் கை வைத்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது என்பார்கள். சிமென்ட் போலி என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் தண்ணீர். காய்ந்த பூச்சு, மெல்லிய குழம்பில் இருக்கும் ஈரத்தை நொடியில் குடித்துவிடும். வினைபுரிய நீரில்லாமல் சிமென்ட் வெறும் தூளாகவே நின்றுவிடும். செய்ய வேண்டியது இதுதான். சுவரை நன்றாக நனையுங்கள். தண்ணீர் வழிவது நின்று ஈரம் மட்டும் இருக்கும்போது அடியுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாத பசையாகக் குழைத்து, அப்புறம் பிரஷ்ஷில் ஓடும் பதத்துக்கு இளக்குங்கள். கலந்ததை ஓரிரு மணி நேரத்தில் முடியுங்கள், இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விடாதீர்கள். மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். பழைய பெயின்ட், பழைய சுண்ணாம்பு இவற்றின் மேல் அடித்தால் என்ன செய்தாலும் உரிந்து வரும். முழுக்கச் சுரண்டி எடுத்தால் மட்டுமே பிடிக்கும்.

டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமென்ட் பூசலாம். இடுக்கு மெல்லியதாக, 3 மி.மீ.க்குள், ஈரம் அதிகம் படாத இடத்தில் என்றால். அதைவிட அகலமான இடுக்கில் மணலில்லாத சிமென்ட் சுருங்கி ஓரத்தில் பிளக்கும். குளியலறையில் அழுக்கையும் நீரையும் உறிஞ்சி மஞ்சளாகும். கழிவறை கழுவும் அமிலம் பட்டால் கரைந்தே போகும். அங்கெல்லாம் பாலிமர் கலந்த கிரவுட் வாங்குங்கள், எபாக்சி இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: மண்ணும் நீரும் அரிக்கிற இடம்

சல்பேட் எதிர்ப்பு சிமென்டில், ஐ.எஸ். 12330 படி, C3A 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் சல்பேட் நீர் புகுந்து C3A-வுடன் சேர்ந்தால் ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து, உள்ளிருந்தே கான்கிரீட்டை வீங்க வைக்கும். முதலில் முனைகளும் விளிம்புகளும் வெடித்து உதிரும். வெளுத்த நிறத்தில் மெத்தென்று ஆகும்.

வாங்குமுன் நிலத்தடி நீரை ஒரு பாட்டிலில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். ஐ.எஸ். 456 படி, நீரில் சல்பேட் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சிறப்பு சிமென்ட் தேவையில்லை. 300 முதல் 1200 வரை என்றால் சாதாரண சிமென்ட், பி.பி.சி., இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் எதுவும் ஆகும். தண்ணீர் விகிதம் 0.50-ஐத் தாண்டாமல், கன மீட்டருக்குக் குறைந்தது 330 கிலோ போட வேண்டும். 1200-க்கு மேலே போனால்தான் சல்பேட் எதிர்ப்பு சிமென்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதே அறிக்கையில் குளோரைடு எவ்வளவு என்பதையும் கட்டாயம் பாருங்கள். கடற்கரை ஊர் என்றதும் சல்பேட் எதிர்ப்பு சிமென்டைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பொறியாளர்கள் உட்பட. கடல் உப்பில் குளோரைடுதான் அதிகம், அது தாக்குவது கம்பியை. C3A கொஞ்சம் குளோரைடைப் பிடித்துக் கட்டிப்போடும். அதைக் குறைத்துவிட்டால் குளோரைடு தடையில்லாமல் கம்பியை அடையும். அதனால்தான் குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்து இருக்கும் இடத்துக்கு C3A 5 முதல் 8 சதவீதம் உள்ள சாதாரண சிமென்டையோ, 50 சதவீதத்துக்கு மேல் ஸ்லாக் உள்ள சிமென்டையோ ஐ.எஸ். 456 சொல்கிறது. C3A எவ்வளவு என்பது மூட்டையில் இருக்காது. ஆலையின் சோதனைச் சான்றிதழில் இருக்கும். டீலரிடம் கேட்டு வாங்கலாம்.

ஆறாம் படி: அடுப்புக்கும் உலைக்கும்

ஹை அலுமினா சிமென்ட் இந்தக் குடும்பத்தையே சேராதது. பாக்சைட்டும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்துச் செய்வது. ஒரே நாளில் 30 மெகாபாஸ்கல் வலு வர வேண்டும் என்பது இதற்கு விதி. இந்த வேகத்தில் மயங்கி, பிரிட்டனில் கட்டட உத்தரங்களைக்கூட இதில் வார்த்தார்கள். 1973-இல் கேம்டனில் ஒரு பள்ளியின் மண்டபக் கூரையும், 1974 பிப்ரவரியில் ஸ்டெப்னியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரையும் இடிந்தன. இதில் முதலில் உருவாகும் படிகம் நிலையற்றது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காலப்போக்கில் அது அடர்த்தியான வேறு படிகமாக மாறும். இடையில் துளைகள் விழுந்து வலு பாதி அளவுக்கும் கீழே இறங்கலாம். நம் ஊர் வெப்பத்தில் இந்த மாற்றம் இன்னும் வேகம். எனவே எடை தாங்கும் எந்த உறுப்புக்கும் இது வேண்டாம்.

இதன் உண்மையான இடம் பாய்லர், வார்ப்படப் பட்டறை உலை, பேக்கரி அடுப்பு. சுட்ட தீச்செங்கல் நொறுக்கோடு கலந்து வார்த்து, ஒரு நாள் ஈரமாக வைத்திருந்து, நிழலில் உலரவிட்டு, பிறகு தீயை மிக மெதுவாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழுத் தீ வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

மற்றவற்றை வீடு கட்டுகிறவர் தேடிப் போக வேண்டிய அவசியம் வராது. குறை வெப்ப சிமென்ட் அணை போன்ற பெருங்கான்கிரீட்டுக்கு. ஆயில் வெல் சிமென்ட் பல ஆயிரம் அடி ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகாமல் பம்ப் ஆவதற்கு. ஹைட்ரோஃபோபிக் சிமென்ட் ஈரமான இடங்களில் நாள்பட வைத்தாலும் கட்டி பிடிக்காமல் இருப்பதற்கு. ஓதம் புகாத சுவர் தரும் என்று நம்பி வாங்காதீர்கள், அது அதற்கானது இல்லை.

கடைசிப் படி: வாங்குவதும் மீதியை வைப்பதும்

மூட்டையில் மூன்றைப் பாருங்கள்: ஐ.எஸ். எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரான வாரமும் ஆண்டும். ரேப்பிட் ஹார்டனிங் 8041, வெள்ளை 8042, ஹை அலுமினா 6452. பெயரை எப்படி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எண்ணைத்தான் நம்ப வேண்டும். நைசான சிமென்ட் காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும் என்பதால் வேகமானதை வேலைக்கு முந்தின வாரம் வாங்குங்கள். கைவிட்டுப் பார்த்து, விரலில் நசுங்காத கட்டி இருந்தால் அந்த மூட்டையின் வேகம் போய்விட்டது.

மீதியைத் தனித்தனியாகப் பெயர் எழுதி வையுங்கள், முக்கியமாக அலுமினா சிமென்டை. அதில் கொஞ்சம் சாதாரண சிமென்டோடு கலந்தால்கூடக் கலவை சில நிமிடத்தில் இறுகிவிடும். அதனால் அலுமினா வேலைக்குப் பயன்படுத்திய சட்டி, கரணை, மிக்சர் டிரம் எல்லாவற்றையும் கழுவிய பிறகே அடுத்த கலவைக்கு எடுக்க வேண்டும்.